வரலட்சுமி விரதம்

திருமகளை வேண்டிச் சுமங்கலிப் பெண்கள் இருக்கும் நோன்பு. தமிழகத்தில் இது எல்லா வீட்டிலும் இல்லை. வழக்கம் உள்ள குடும்பங்களில் மாமியார் மருமகளுக்கு ‘எடுத்துவைத்து’த் தொடர்கிறது.

நாளைக் குறிப்பது பௌர்ணமி. ஆடிக் கடைசியிலோ ஆவணியிலோ வரும் சிராவணப் பௌர்ணமிக்கு முந்தைய வெள்ளியே நோன்பு நாள். 2025இல் ஆடி 23 (ஆகஸ்ட் 8) வெள்ளி, மறுநாள் பௌர்ணமி. 2023இலோ ஆவணி 8இல்தான் வந்தது. ஆகவே ‘ஆடி வெள்ளி’ என்று மட்டும் நினைத்திருந்தால் நாள் தவறிவிடும்.

வெள்ளி அல்லது பித்தளைச் செம்பில் பச்சரிசி, மஞ்சள், வெற்றிலைபாக்கு, எலுமிச்சை, காசு, காதோலை கருகமணி இட்டு, மாவிலை செருகி, மஞ்சள் பூசிய தேங்காயை வைத்து, அதில் அம்மன் முகத்தைக் கட்டுவார்கள். செம்பின் வாய் அகலமானால் தேங்காய் உள்ளே இறங்கி முகம் சாயும். அரிசியைக் கூட்டினால் நிற்கும். வியாழன் மாலை வாசற்படி அருகே விளக்கேற்றி அம்மனை உள்ளே அழைப்பது பல வீடுகளின் முறை. வெள்ளியன்று பூஜை, கொழுக்கட்டை நிவேதனம். பிறகு ஒன்பது முடிச்சிட்ட மஞ்சள் சரடை வலக்கையில் கட்டிக்கொள்வார்கள். சனிக்கிழமை புனர்பூஜை முடித்துக் கலசத்தை அரிசிப் பானையில் வைப்பார்கள். கலசத் தேங்காய் அடுத்த வெள்ளிக்கிழமைப் பாயசத்துக்குப் போகும்.