வெட்டும் கோடும்: ஒரு வாக்கியத்தின் இரண்டு படங்கள்

லெனர்ட் புளூம்ஃபீல்ட் 1933இல் வெளியிட்ட ‘லாங்வேஜ்’ என்ற நூலில் நான்கே சொற்கள் கொண்ட ஓர் எடுத்துக்காட்டு வருகிறது: ‘புவர் ஜான் ரேன் அவே’. பாவம், ஜான் ஓடிப்போனான். ஆங்கிலம் அறிந்த எவரிடமும் இதை இரண்டாகப் பிரிக்கச் சொன்னால், ‘புவர் ஜான்’ ஒரு பக்கம், ‘ரேன் அவே’ மறுபக்கம் என்றுதான் பிரிப்பார் என்கிறார் புளூம்ஃபீல்ட். ‘ஜான் ரேன்’ என்று நடுவில் யாரும் வெட்டமாட்டார்கள். இப்படிக் கிடைக்கும் துண்டுகளே அண்மை உறுப்புகள். 1957இல் சோம்ஸ்கி இந்த வெட்டுக்குப் பெயர்த்தொடர், வினைத்தொடர் என்று பெயரிட்டு, விதிகளாக எழுதி, மரமாக வரைந்தார். அந்த முறைப்படி நம் வாக்கியத்தை வரைந்தால் நான்கு சொற்களுக்கு மேல் மூன்று தொகுதிகள் நிற்கும்: பெயர்த்தொடர், வினைத்தொடர், இரண்டையும் அடக்கிய வாக்கியம்.

அதே முப்பதுகளில் பிரான்சில் லூசியன் தெனியேர் வேறொரு படம் வரைந்துகொண்டிருந்தார். ஸ்லாவிய மொழிகளின் பேராசிரியர். முதலில் ஸ்ட்ராஸ்பூர்க்கிலும் பிறகு மோன்பெலியேவிலும் பணியாற்றியவர். அவருடைய முறையில் உச்சியில் வினை நிற்கும். ‘ரேன்’ மேலே, அதிலிருந்து ஒரு கோடு ‘ஜான்’ நோக்கியும் இன்னொன்று ‘அவே’ நோக்கியும் இறங்கும், ‘ஜான்’ கீழே ‘புவர்’. நான்கு சொற்கள், மூன்று கோடுகள், அவ்வளவுதான். சொற்களுக்கு மேலே தொகுதி என்று எதுவும் இல்லை. ஆனால் கோடு வெறும் அலங்காரமன்று. எழுவாயும் வினையுமாக இரண்டே சொற்கள் உள்ள வாக்கியத்திலும் மூன்று உறுப்புகள் உண்டு, மூன்றாவது அவ்விரண்டுக்கும் இடையிலான தொடர்பு என்பது அவர் வாதம். அது காதில் விழாது; மனம் அதை உணராவிட்டால் வாக்கியமே இல்லை.

இதில் எழுவாய் தன் அரியணையை இழக்கிறது. அது வினைக்குக் கீழே, செயப்படுபொருளுக்குப் பக்கத்தில், சமமாக வந்து அமர்கிறது. தெனியேர் வினையை ஒரு சிறு நாடகமாகக் காண்கிறார். எழுவாயும் செயப்படுபொருளும் அதன் பாத்திரங்கள். எழுவாய், பயனிலை என்று வாக்கியத்தை இரண்டாகப் பிளப்பது மொழியைப் பார்த்துச் செய்ததன்று, தருக்கத்திலிருந்து இரவல் வாங்கியது என்று அவர் கருதினார். அதற்கு அவர் காட்டும் சான்றுகளுள் ஒன்று லத்தீன் வினை. ‘அமத்’ (நேசிக்கிறான்) என்பதன் இறுதித் ‘த்’ எழுவாயைக் குறிக்கிறது. அப்படியானால் எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையிலான வெட்டு எங்கே விழ வேண்டும்? ஒரு சொல்லின் நடுவிலா?

தமிழாசிரியனுக்கு இந்த இடத்தில் காது நிமிரும். ‘வாங்கினான்’ என்பதில் ‘ஆன்’ விகுதி செய்வதும் அதையேதான். ‘புத்தகத்தை நேற்றுக் கண்ணன் வாங்கினான்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். புளூம்ஃபீல்டின் கத்தியை இதில் வைத்தால் ‘புத்தகத்தை … வாங்கினான்’ என்ற வினைத்தொடரின் நடுவே கண்ணன் நிற்கிறான். தொகுதியைக் காப்பாற்ற, செயப்படுபொருள் முதலில் வினைக்கு அருகில் இருந்து பின் முன்னே நகர்ந்தது என்று சொல்லியாக வேண்டும். தெனியேரின் படத்தில் சொற்களை எப்படி இடம் மாற்றினாலும் யார் யாரைச் சார்ந்தவர் என்பது மாறுவதில்லை: வாங்கினானுக்குக் கீழே புத்தகத்தை, நேற்று, கண்ணன்.

சேனாவரையர் போன்ற உரையாசிரியர்கள் இன்ன சொல் இன்ன சொல்லைக் ‘கொண்டு முடியும்’ என்று சொல்லும்போது இந்தக் கோட்டையே வாயால் வரைகிறார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நம்மிடம் எல்லாம் முன்பே இருந்தது என்று சொல்ல வரவில்லை. தொகை பற்றிப் பேசுகையில் அவர்களே சொற்களைக் கூட்டாகவும் பார்த்தார்கள்.

தெனியேர் 1954இல் காலமானார். அவருடைய பெருநூல் 1959இல்தான் அச்சேறியது. சோம்ஸ்கியின் நூல் வந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. உலகம் மரத்தின் பக்கம் திரும்பிவிட்டது. முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வர 2015 வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்கு ஓராண்டு முன், 2014இல், பல மொழிகளின் வாக்கியங்களைக் கணினிக்காக ஒரே முறையில் குறிக்கும் பொதுத்திட்டம் ஒன்று தொடங்கியபோது அது தேர்ந்துகொண்டது கோட்டைத்தான்.

ஆயினும் கோட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. ‘வயதான ஆண்களும் பெண்களும் வந்தார்கள்.’ வயதானவர்கள் ஆண்கள் மட்டுமா, இரு பாலாருமா? கத்திக்கு இது எளிது. ‘வயதான ஆண்களும்’ என்று ஒரு தொகுதி கட்டினால் ஒரு பொருள். ‘ஆண்களும் பெண்களும்’ என்று முதலில் கட்டி, அதன் முன் ‘வயதான’ வைத்தால் மறுபொருள். இரண்டு படங்கள், இரண்டு பொருள்கள். கோட்டு முறையிலோ ‘ஆண்கள்’ ‘பெண்கள்’ இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் முடிச்சு எதுவும் இல்லை. தெனியேர் இணைப்புக்கென்று கிடைக்கோடு ஒன்றைத் தனியாகச் சேர்த்து, பொது அடைக்கு இரண்டு கோடுகள் இழுத்துச் சமாளித்தார். மேற்சொன்ன பொதுத்திட்டமோ ஒரு சொல்லுக்கு ஒரே தலைவன் என்ற விதியைக் கைவிடவில்லை. அதன் அடிப்படைப் படத்தில் ‘வயதான’ என்பது ‘ஆண்களும்’ கீழே மட்டுமே தொங்கும், பாட்டிகளும் வந்திருந்தாலும்.