கண்ணாடியில் எழுதிய புத்தாண்டு

சித்திரை பிறப்பதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே கொழும்பு மாநகரின் கடைத்தெருக்கள் நிறம் மாறிவிடுகின்றன. காலி வீதியின் கடைத்தொகுதிகளில் மேற்கூரையிலிருந்து துணிப்பதாகைகள் தொங்குகின்றன. கண்ணாடிப் பேழைகளுக்குள்ளே கொக்கிசும் கெவுமும் ரபான் மேளமும் சித்திரமாக நிற்கின்றன. அவற்றின் நடுவே பெரிய எழுத்தில் ஒரே ஒரு சொல் காணப்படுகிறது: ‘அவுருது’. சிங்களத்தில் எழுதப்பட்டிருக்கும், அன்றேல் அதே சிங்களச் சொல் ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டிருக்கும்.

அரசாங்க நாட்காட்டியில் இப்பண்டிகையின் பெயர் சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு. இரு இனமக்களும் ஒரே நாளிற் கொண்டாடும் பண்டிகைகள் இந்நாட்டில் அரிது. அவற்றுள் இதுவே தலையாயது. நாட்காட்டியில் இருவருக்கும் இடமுண்டு; கடைக் கண்ணாடியில் ஒருவருக்கு மட்டுமே இடமுண்டு. இதற்கு விளம்பரக்காரர் கூறும் விடை எளிது: “அவுருது என்றால் ஆண்டு என்றுதானே பொருள்? அதில் இனம் எங்கே இருக்கிறது? மேலும், நடந்துபோகிறவன் படிக்கவேண்டிய வாசகம் சுருக்கமாகத்தானே இருக்கவேண்டும்?”

இவ்விடையை நாம் உடனே தள்ளிவிடலாகாது. சுருக்கம் என்பது அத்தொழிலின் உண்மையான நிர்ப்பந்தம். நடைபாதையிற் செல்பவர் மணிக்கு 4.5 கிலோமீற்றர் வேகத்தில் நடக்கிறார் எனக் கொள்வோம். அப்படியாயின் ஒரு செக்கனில் அவர் கடப்பது 1.25 மீற்றர். கண்ணாடியின் அகலம் 3 மீற்றர். அதை அடைய 2 மீற்றர் இருக்கும்போதே அவர் கண்ணில் அது படுகிறது என்றால், மொத்தம் 4 செக்கன். இதிற் பாதி நேரம் எதிரே வருபவர்மீதும், கையைப் பிடித்துவரும் குழந்தைமீதும், உள்ளே தொங்கும் சேலைமீதும் போய்விடும். எஞ்சுவது இரண்டு செக்கன். மூன்று அல்லது நான்கு சிறு சொற்களுக்கு மேல் அதற்குள் எவராலும் படிக்க இயலாது. ஊர்வலத்திற் பிடித்துச் செல்லும் சுலோகத்துக்கும் இதே விதிதான். அங்கே வாசகம் நடக்கிறது, மக்கள் நிற்கிறார்கள் என்பதே வேறுபாடு.

ஆகவே ஏதோ ஒன்று வெட்டப்பட்டே தீரும். எது வெட்டப்படுகிறது, வெட்டும் கத்தி யார் கையில் இருக்கிறது என்பவையே நாம் கேட்கவேண்டிய கேள்விகள். இக்கேள்விகளுக்கு விடை காண, கொழும்பின் கடைக் கண்ணாடியின் சரித்திரத்தைச் சற்றே திரும்பிப் பார்ப்பது அவசியமாகிறது.

பெருங்கண்ணாடி பொருத்திய காட்சிப் பேழை இந்நகருக்கு ஆங்கிலேய வணிகரோடு வந்தது. கோட்டையில் 1906 இல் எழுந்த கார்கில்ஸ் மாளிகை அக்காலத்தின் சின்னமாக இன்றும் நிற்கிறது. அங்கே பண்டிகை என்றால் நத்தார். மொழி என்றால் ஆங்கிலம். கப்பலில் வந்திறங்கிய துரைமாருக்கும் அவர்களைப் பின்பற்றிய உள்ளூர்ச் சீமான்களுக்கும் அது போதுமானதாக இருந்தது. கோட்டைக்கு அப்பால், செட்டியார் தெருவில் நிலைமை வேறு. அங்கிருந்து புறப்பட்டுத் தெற்கே செல்லும் ஆடிவேல் இரதத்தைக் காணத் திரண்ட கூட்டமே அங்குள்ள வணிகரின் வாடிக்கைக் கூட்டம். வாங்குபவன் எந்த மொழியைப் படித்தானோ அந்த மொழியைத்தான் விற்பவன் எழுதினான். வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் குடும்பங்களும், கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தையும் புறக்கோட்டையையும் நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களும் பெருகப் பெருக, அவ்விரு பகுதிகளின் கடைகளிலும் தமிழ் எழுத்துப் பெருகியது. அதற்குச் சட்டமும் வேண்டியிருக்கவில்லை, சலுகையும் வேண்டியிருக்கவில்லை.

1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. சட்டத்தின் எல்லை அலுவலகமே எனினும், அதன் நிழல் தெருவில் விழுந்தது. அடுத்த ஆண்டு மோட்டார் வாகனங்களின் இலக்கத் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வந்தது. அவ்வெழுத்துத் தாங்கிய பஸ் வண்டிகள் 1958 மார்ச்சு மாதம் வடக்கே அனுப்பப்பட்டபோது அங்கே அது அழிக்கப்பட்டது. அதற்கு எதிர்வினையாகத் தெற்கில் தார்வாளியும் தூரிகையும் புறப்பட்டன. ஏப்பிரல் தொடக்கத்தில், கொழும்பிலும் பிற ஊர்களிலும் தமிழ்ப் பெயர்ப்பலகைகளின்மீது தார் பூசப்பட்டது. அம்மாதம் 9 ஆம் திகதி பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. நாளைக் கவனியுங்கள்: புத்தாண்டு பிறக்க ஒரு வாரங்கூட இருக்கவில்லை. இரு இனத்தாரும் புத்தாடை வாங்கக் கடைத்தெருவுக்கு வரும் அதே நாள்களிலேதான் கடைத்தெருவின் ஒரு மொழி தாரால் மூடப்பட்டது. மே மாதத்தில் இரத்தம் சிந்துவதற்கு முன்னரே எழுத்து சிந்திவிட்டது.

1983 ஆடி மாதத்தில் பலகையோடு கடையும் எரிந்தது. வெள்ளவத்தையில் காலி வீதியின் தமிழர் கடைகள் தீக்கிரையாயின, கொட்டாஞ்சேனையும் தப்பவில்லை. கலகக்காரரின் கைகளில் வாக்காளர் இடாப்பு இருந்தது என்பது பலராலும் பதிவு செய்யப்பட்ட உண்மை. ஆனால் கடையைக் கண்டுபிடிக்க இடாப்பு எதற்கு? பெயர்ப்பலகையே காட்டிக்கொடுத்தது. அதன் பின்னர் கடை திறந்தவன் தன் கண்ணாடியில் எதை எழுதுவது என்று இருமுறை எண்ணிப் பார்த்திருப்பான் என்பதில் வியப்பில்லை.

1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்று கூறியது. ஆனால் அரசியலமைப்பின் மொழி அத்தியாயம் பேசுவது ஆட்சி, சட்டவாக்கம், நீதிமன்றம், கல்வி என்பனவற்றைப் பற்றியே. கடைக் கண்ணாடியை அது தொடவில்லை. இதே காலத்தில் கடையின் உருவமும் மாறத் தொடங்கியது. பம்பலப்பிட்டியின் மஜெஸ்டிக் சிட்டி முதல் காலிமுகத்திடலருகே 2019 இல் திறக்கப்பட்ட வன் கோல்பேஸ் வரை, பல கடைகளை ஒரே கூரைக்குள் அடக்கிய கடைத்தொகுதிகள் எழுந்தன. இங்கே வாசகத்தை எழுதுபவன் கடைக்காரன் அல்லன். அது விளம்பர நிறுவனத்தின் மேசையில், பெரும்பாலும் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ பிறக்கிறது. தமிழ் வேண்டுமென்று யாரேனும் நினைத்தால், முடிந்துபோன சித்திரத்தின் அடியில் எஞ்சிய இடத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பு வரவழைக்கப்படுகிறது.

அம்மொழிபெயர்ப்பு எவ்வாறு அமைகிறதென்று பார்ப்போம். “இனிய சித்திரைப் புத்தாண்டு நல்வாழ்த்துகள்.” பிழையற்ற தமிழ்தான். ஆனால் 21 எழுத்துக்கள். ரை, தா, வா என்பன ஒவ்வொன்றும் இரண்டு எழுத்தின் இடத்தைப் பிடிக்கும். சொற்களுக்கிடையே மூன்று இடைவெளிகள் வேண்டும். ஆக 27 இடங்கள். 6 அடி, அதாவது 72 அங்குல அகலமுள்ள பதாகையில் ஓரிடத்துக்குக் கிடைப்பது மூன்று அங்குலத்துக்கும் குறைவு. எழுத்தின் உயரமும் ஏறக்குறைய அவ்வளவே எனக் கொள்ளலாம். பத்து அடித் தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது பலகை எழுதும் தொழிலாளர் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. இதன்படி இவ்வாசகம் 27 அடிக்கு அப்பால் இருப்பவருக்கு எளிதிற் புலப்படாது. ‘அவுருது’ வீதியின் மறுகரையிலிருந்தே அழைக்கும்போது, தமிழ் பக்கத்தில் வந்து குனிந்து பார்ப்பவனிடம் மட்டும் பேசுகிறது. பிறகு விளம்பரக்காரர் சொல்கிறார்: “தமிழ் நீளமான மொழி, சுலோகத்துக்கு ஒத்துவராது.”

நீளமானது மொழியா, மொழிபெயர்ப்பா? ‘புத்தாண்டு வாழ்த்து’ என்று எழுதிப் பாருங்கள். இனிய என்பதும் சித்திரை என்பதும் நல் என்பதும் கள் என்பதும் போய்விட்டன. கருத்து எதுவும் போகவில்லை. ஏப்பிரல் மாதத்தில் தொங்கும் பதாகை சித்திரைப் புத்தாண்டைத்தான் குறிக்கும் என்பது எவருக்குத் தெரியாது? இப்போது 12 இடங்கள். எழுத்துக்கு 6 அங்குலம். 60 அடி தூரம் தெரியும்.

இன்னும் ஒருபடி மேலே செல்லலாம். ஈழத்துத் தமிழ்க் குடும்பங்களில் புத்தாண்டன்று மருத்துநீர் வைத்து நீராடிப் புத்தாடை உடுத்தபின், சுபவேளையிற் பெரியவர்கள் சிறியவர்களுக்குப் பணம் கொடுப்பார்கள். அதன் பெயர் கைவிசேஷம். விலைக்கழிவு தரும் கடையொன்று தன் கண்ணாடியில் ‘கைவிசேஷம்’ என்று எழுதினால் வேறு விளக்கம் தேவையில்லை. பண்டிகை, கொடை, உறவு மூன்றும் அவ்வொரு சொல்லுக்குள் அடங்கும். 7 இடங்கள், எழுத்துக்குப் பத்து அங்குலம், 100 அடிக்கு அப்பாலும் படிக்கலாம். அதே வழக்கத்தைச் சிங்கள மக்கள் ‘கனுதெனு’ என்கிறார்கள். கொடுக்கல் வாங்கல் என்பது அதன் பொருள். இரண்டு சொற்களையும் பக்கம் பக்கமாக எழுதினாலும் அரசாங்கப் பெயரைவிடச் சுருக்கமாகவே இருக்கும். ஒருவரையும் வெட்டவேண்டியிராது. ஆயினும் இச்சொல்லை அகராதியைப் புரட்டும் மொழிபெயர்ப்பாளனால் எட்டமுடியாது. அவனிடம் கேட்கப்பட்டது வேறொருவரின் வாக்கியத்துக்கு நிகர்; கைவிசேஷம் வாங்கிய கையே இச்சொல்லை முதலில் எழுதும்.

மொழிபெயர்ப்பும் கவனமின்றி அச்சேறும்போது நேர்வது நாம் அறிந்ததே. பஸ் வண்டியொன்றில் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய ஆசனத்தின் மேலே ‘தாய்’ என்பது ‘நாய்’ என்று அச்சாகியிருந்த படம் நாடெங்கும் பேசப்பட்டது. தகரமும் நகரமும் தமிழ் படித்தவன் கண்ணுக்கு வேறு வேறு. படியாதவனுக்கு இரண்டும் ஒரே வளைவு. கணினியில் வேறொரு பிழையும் உண்டு. தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாத செயலியில், ‘சேவை’ என்பதில் சகரத்துக்கு முன்னே நிற்கவேண்டிய கொம்பு பின்னே போய் நிற்கும். வரிகளை நெருக்கினால் புள்ளிகள் வெட்டுப்பட்டுப் ‘புத்தாண்டு’ வாசிக்க முடியாத ஒன்றாகிவிடும். இத்தகைய பதாகையொன்றைக் கண்டால் வாசகர்கள் ஒன்றை உறுதியாக அறிந்துகொள்ளலாம்: அது அச்சுக்குப் போகும்வரை தமிழ் தெரிந்த ஒரு கண்ணும் அதைக் காணவில்லை.

தாரைக் கொண்டு அழித்த காலம் போயிற்று. இன்று ஒருவரும் தூரிகையோடு வருவதில்லை; இடமில்லை, நேரமில்லை, வாசகம் நீளம் என்ற காரணங்கள் அவ்வேலையைச் சத்தமின்றிச் செய்கின்றன. ஆகையால் பதாகையின் அடியில் ஒரு வரி தமிழ் கேட்பதோடு நம் கோரிக்கை முடிந்துவிடலாகாது. வாசகம் பிறக்கும் மேசையிலே, முதற் சொல் எழுதப்படும் வேளையிலே, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பிறந்து தமிழிலே சிந்திக்கும் ஒருவருக்கு நாற்காலி வேண்டும். அதுவரை கண்ணாடியிலுள்ள புத்தாண்டு, நாட்காட்டியிலுள்ள புத்தாண்டின் பாதியாகவே இருக்கும்.