மந்திரவாதமும் மதமும்: ஒரு பிரிவினை கைவிடப்பட்ட வரலாறு

மேல்நாட்டார் எழுதிய மத ஆராய்ச்சி நூல்களைக் கால வரிசையில் பயில்வோர் ஒரு மாறுதலைக் காண்பர். நூறாண்டுகளுக்கு முற்பட்ட நூல்களில் 'மந்திரவாதம்' என்றும் 'மதம்' என்றும் இரண்டு பிரகரணங்கள் தனித்தனியே நிற்கும். அண்மைக்கால நூல்களில் அவ்விரண்டுக்கும் பொதுவாகச் 'சடங்கு' என்னும் சொல்லே பெரிதும் ஆளப்படுகிறது. முந்தையோர் ஐயமின்றி ஏற்ற ஒரு பிரிவினையைப் பிந்தையோர் ஏன் விட்டனர் என்பதை, பழைய எகிப்தில் எழுதப்பட்ட ஒரு கிரேக்கச் சுவடியைக் கொண்டு இங்கு விசாரிப்போம்.

முதலில் பூர்வபக்ஷம். ஜேம்ஸ் பிரேசர் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் 'தங்கக் கிளை' என்ற தமது நூலை 1890இல் வெளியிட்டார். 1900இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் இப்பிரிவினையை அவர் கூர்மையாக வரையறுத்தார். தன்னினும் உயர்ந்த சக்தியை வேண்டிப் பணிவது மதம். சொல்லாலும் பொருளாலும் பலனைத் தானாக விளையச் செய்வது, தெய்வத்தையும் அவ்வாறே நிர்ப்பந்திப்பது மந்திரவாதம் என்பது அவர் கூறிய லக்ஷணம். மனித குலத்தில் மந்திரவாதம் முந்தியது, மதம் பிந்தியது என்றும் அவர் கொண்டார். இரண்டும் கலந்து நிற்பதற்குப் பாரத தேசத்தையும் எடுத்துக்காட்டினார். இங்கு மும்மூர்த்திகளும் மந்திரவாதிகளுக்கு வசப்பட்டவர்கள் என்று எழுதிவைத்தார். பின்னர் 1912இல் பிரெஞ்சு அறிஞர் துர்கைம் வேறொரு லக்ஷணம் கூறினார்: மதத்திற்கு ஒரு கோஷ்டி உண்டு, மந்திரவாதிக்கோ தனித்தனியே வந்து போகும் வாடிக்கையாளரே உண்டு என்பது அது. உயர்ந்த பேற்றை நாடுவது மதம், இவ்வுலகின் சிறு பலனை நாடுவது மந்திரவாதம் என்ற மூன்றாவது எண்ணமும் இவற்றோடு பொதுவில் வழங்கிவந்தது.

இனிச் சுவடி. பாரிஸ் தேசிய நூலகத்தில் 36 ஏடுகளும் 3274 வரிகளும் கொண்ட ஒரு பாப்பிரஸ் புத்தகம் உள்ளது. எகிப்தில் கிடைத்த இது கி.பி. நான்காம் நூற்றாண்டினது. பெரும்பகுதி கிரேக்கம், இடையிடையே பழைய எகிப்திய மொழியும் வருகிறது. பற்பல பிரயோகங்களின் தொகுப்பாகிய இதில் அருகருகே அமைந்த இரண்டு பகுதிகள் நம் விசாரத்துக்குப் போதுமானவை.

முதற்பகுதி ஒரு வசியப் பிரயோகம். மெழுகாலோ களிமண்ணாலோ ஆண், பெண் பதுமைகள் இரண்டு செய்து, பெண் பதுமையில் 13 செப்பு ஊசிகளைக் குத்தி, ஈயத்தகட்டில் ஆணையை எழுதி, அகாலத்தில் இறந்தவர் கல்லறையருகே வைக்க வேண்டும் என்பது விதி. இது ஏட்டளவில் நின்ற விதியன்று. 13 ஊசிகள் குத்தப்பட்ட களிமண் பதுமை ஒன்று ஈயத்தகட்டுடன் எகிப்தில் கிடைத்து, இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சில வரிகள் கழிந்ததும், 475ஆம் வரியில் இரண்டாம் பகுதி தொடங்குகிறது. இதில் சாதகன் அழியாமையை வேண்டுகிறான். சூரிய கிரணங்களிலிருந்து மூச்சை உள்ளிழுத்து மேலே எழுகிறான். வான வாயில்களைக் கடந்து தேவதைகளைத் தரிசித்து, இறுதியில் மகா தேவதையின் முன் நிற்கிறான். அல்பிரெக்ட் டீட்டெரிக் என்னும் ஜெர்மானியப் பண்டிதர் இப்பகுதியைத் தனியே எடுத்து 1903இல் 'ஒரு மித்ர வழிபாட்டு முறை' என்ற பெயரில் பதிப்பித்தார். இவ்வளவு உயர்ந்த பகுதி மந்திரவாதி இயற்றியதாக இருக்க முடியாது. மித்ர சமயத்தாரின் உண்மையான வழிபாட்டு நூலை அவன் எடுத்தாண்டு, தன் சரக்கையும் சேர்த்தான் என்பது அவர் முடிவு. ஆகவே வண்டிலிருந்து தைலம் எடுக்கும் முறை, மூலிகை விதி முதலியவற்றைப் பிற்சேர்க்கை என்று பிரித்துவிட்டார். மந்திரவாதம் என்ற சொல்லுக்கு அக்காலத்துப் பல்கலைக்கழகங்களில் மதிப்பில்லை. 1905இல் இந்தப் பாப்பிரஸ்களைப் பாடம் சொல்ல முற்பட்ட டீட்டெரிக்கே, 'கிரேக்கப் பாப்பிரஸ்களிலிருந்து தேர்ந்த பகுதிகள்' என்று மட்டுமே அறிவித்தார்.

முன் கூறிய லக்ஷணங்களை இங்கே பொருத்திப் பார்ப்போம். வசியப் பிரயோகத்தில் இறந்தவனுக்கு ஆணை இருக்கிறது. ஆனால் அதன் முடிவில், அஸ்தமன வேளையில் சூரியனைத் துதித்து வேண்டும் தோத்திரமும் இருக்கிறது. விண்ணேற்றப் பகுதியில் வேண்டுதல் இருக்கிறது. ஆனால் சீற்றத்தோடு எதிர்ப்படும் தேவர்களை மௌனச் சொல்லால் தடுத்து நிறுத்தும் விதியும் இருக்கிறது. ஆக, நிர்ப்பந்தமும் பிரார்த்தனையும் இரண்டிலும் உண்டு. கோஷ்டியைப் பற்றிய லக்ஷணமும் உதவவில்லை, விண்ணேறுபவன் தனியொருவனே. பலனைக் கொண்டும் பிரிக்க இயலாது. தரிசனம் பெற்றவன் அங்கே கேட்பது தன் காரியங்களைப் பற்றிய குறிவாக்கு. எனவே கோடு சுவடியில் இல்லை. பதிப்பாசிரியர் கையில் இருந்தது. மித்ர சமயத்தை நன்கு ஆராய்ந்த பிரான்ஸ் குமோன் அப்போதே டீட்டெரிக்கின் முடிவை மறுத்தார். நூறாண்டு கழித்து, 2003இல் ஹான்ஸ் டீட்டர் பெட்ஸ் வெளியிட்ட உரை, தைல விதியையும் சேர்த்தே அப்பகுதியை ஒரே நூலாக விளக்குகிறது.

எகிப்தியர் பக்கத்திலிருந்தும் ஒரு காரணம் வந்தது. 1993இல் ராபர்ட் ரிட்னர் எழுதிய நூல், எகிப்திய மொழியில் 'ஹெகா' என்னும் சொல்லை ஆராய்ந்தது. மேல்நாட்டார் மந்திரவாதம் என்று மொழிபெயர்த்த அச்சொல் அங்கு இகழ்ச்சிச் சொல் அன்று. படைப்புக்கு உதவிய சக்தி அது. ஹெகா என்ற பெயரில் ஒரு தேவதையும் உண்டு. பிரயோகங்களை நடத்தியவர்கள் கோயிலில் ஏடு வாசிக்கும் அர்ச்சகர்களே. பகைவரைக் கட்டும் பதுமைச் சடங்கு கோயிலுக்குள்ளேயே நடந்தது. அச்சொல்லுக்கு நிந்தைப் பொருள் பின்னரே ஏறியது. எகிப்தியர் கிறிஸ்தவரான பின், தள்ளத்தக்க செயலைக் குறிக்க அதையே வழங்கினர்.

'மாகேயா' என்ற கிரேக்கச் சொல்லின் வரலாறும் இத்தகையதே. பாரசீகப் புரோகிதரைக் குறித்த 'மாகோஸ்' என்பதிலிருந்து அது பிறந்தது. அயலாரின் சடங்கு என்ற இகழ்ச்சி அதில் தொடக்கத்திலேயே ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் சீர்திருத்தக் கிறிஸ்தவர் கத்தோலிக்கரின் திருப்பலியை மந்திரவாதம் என்றே பழித்தனர். வழக்காடுவோர் எதிரிமேல் வீசிய சொல்லை ஆராய்ச்சியாளர் நடுநிலை லக்ஷணமாகக் கொண்டதே பிழையின் வேர்.

இதற்கு ஓர் ஆக்ஷேபமும் உண்டு. 1991இல் ஹெங்க் வெர்ஸ்னெல் என்னும் டச்சு அறிஞர், சொல்லை விட்டாலும் பொருள் வேறு பெயரில் திரும்ப வரும். ஆகவே ஆராய்ச்சியாளரின் கருவி என்று தெரிந்தே அதைப் பயன்படுத்தலாம் என்றார். இது தள்ளத்தக்கதன்று. பதுமையில் ஊசி குத்துவதும் பொதுத் திருவிழாவும் ஒன்றென்று எவரும் கூறவில்லை. வேறுபாடு உண்டு, அது அந்தந்தச் சமுதாயம் வகுத்த வேறுபாடாக இருக்க வேண்டும் என்பதே சித்தாந்தம்.

நம் நூல்களுக்கும் இது பொருந்தும். அதர்வ வேதத்தைச் சார்ந்த கௌசிக சூத்திரத்தின் முக்கியப் பகுதிகளை மொழிபெயர்த்த காலந்து, 1900இல் அதற்கு 'பண்டை இந்திய மந்திரவாதச் சடங்கு' என்று பெயரிட்டார். அதே சூத்திரத்தில் விவாஹமும் அபரக்கிரியையும் உள்ளன. நம் மீமாம்ஸகர் இட்ட கோடோ வேறிடத்தில் செல்கிறது. சத்ரு நாசத்துக்கான ச்யேனம் சோமயாக வகையைச் சேர்ந்தது, மந்திரம், ருத்விக், ஆஹுதி எல்லாம் உடையது, வேதத்திலேயே கூறப்படுவது. ஆயினும் அதன் பலனாகிய ஹிம்ஸை நிஷேதிக்கப்பட்டதாதலால் அது தர்மத்தில் அடங்காது என்று சாபர பாஷ்யம் நிர்ணயிக்கிறது. இங்கே விசாரிக்கப்படுவது, செயல் தெய்வத்தை நிர்ப்பந்திக்கிறதா வேண்டுகிறதா என்பதன்று. பலன் விலக்கப்பட்டதா அன்றா என்பதே. பிரேசரின் லக்ஷணத்தைக் கொண்டு ச்யேன விசாரத்தை வாசிப்பவர், பாஷ்யகாரர் எழுப்பிய கேள்வியை விட்டு, அவர் எழுப்பாத கேள்விக்கு விடை தேடுபவராவார்.