வந்து இறங்கின நாள் கணக்குல சேருமா?

வெளிநாட்டு வேலைன்னாலே 182 நாள் ரூல்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்லுவாங்க. அது வேலைக்குக் கிளம்பிப் போற வருஷத்துக்குத்தான். வேலையை முடிச்சுட்டு மொத்தமா ஊர் திரும்புறவங்க கவனிக்க வேண்டிய எண் வேற: 60.

இது எங்கிருந்து வந்தது? 1939-ல வருமான வரிச் சட்டத்தைத் திருத்தினப்போ, வருஷத்துல 182 நாள் இங்க இருந்தா ரெசிடென்ட்னு எழுதினாங்க. இன்னொரு வழியும் இருந்தது. முந்தின நாலு வருஷத்துல மொத்தம் 365 நாள் இங்க இருந்தவர், இந்த வருஷம் கொஞ்ச நாள் வந்தாலே ரெசிடென்ட். ஆனா அது சும்மா வந்து போற விசிட்டா இருக்கக் கூடாது. எது சும்மா விசிட்னு யார் முடிவு பண்றது? சண்டை வரத்தானே செய்யும். 1961 சட்டம் அந்த வார்த்தைகளை விட்டுட்டு 60 நாள்னு வெச்சது. பிற்பாடு வேலைக்குக் கிளம்புற குடிமக்களுக்கு அந்த 60, 182 ஆச்சு. லீவுக்கு வந்து போறவங்களுக்கும் தளர்வு கிடைச்சது. நிரந்தரமா திரும்புறவருக்கு மட்டும் எதுவும் எழுதல.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். சென்னையிலேயே வளர்ந்த ஒருத்தர் ஏப்ரல் 2021-ல துபாய் போறார். வேலையை விட்டுட்டு 2024 பிப்ரவரி 1 அன்னைக்குத் திரும்புறார். அந்த நிதியாண்டுல நடுவுல ஊருக்கு வரவே இல்ல. முந்தின நாலு வருஷத்துல 2019-21 முழுக்க இங்கதான், அதனால 365 தாண்டியாச்சு. இப்போ பிப்ரவரி 29, மார்ச் 31, மொத்தம் சரியா 60. ரெசிடென்ட்! ஏப்ரல்ல இருந்து வாங்கின பத்து மாச துபாய் சம்பளமும் இந்திய வரிக் கணக்குக்குள்ள வந்துடும். இரு நாட்டு ஒப்பந்தத்தைக் காட்டி நிவாரணம் கேட்கலாம், அது தனி எபிசோட்.

இறங்கின நாளை விட்டுட்டா 59, நான்-ரெசிடென்ட். அதை விடலாமா? 1990-கள்ல அட்வான்ஸ் ரூலிங் ஆணையம், வர்ற நாள், போற நாள் ரெண்டையுமே எண்ணணும்னு சொல்லுச்சு. 2009-ல பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயம், வெளிநாட்டுல இருந்து திரும்பின ஒரு ஊழியரோட வழக்குல, வந்த நாளை விடணும்னு தீர்ப்பு சொன்னது. "இந்த நாளிலிருந்து"ன்னு கணக்குப் போட்டா முதல் நாளை விடணும்ங்கிற 1897 பொது விதிகள் சட்டத்தைத்தான் அது எடுத்துக்கிட்டது.

எனக்குத் தீர்ப்பாயம் சொன்னதுதான் நியாயமா படுது. ஆனா சட்டத்துல அந்த வரி இல்லாததால, அதை நம்பி டிக்கெட் போட மாட்டேன். இந்த உதாரணத்துல பிப்ரவரி 2 வந்திருந்தா எப்படி எண்ணினாலும் 59-ஐத் தாண்டாது, வழக்கே வேண்டாம். லீப் வருஷம் இல்லன்னா, ஜனவரி 31 வந்தாதான் அந்த 60 வரும்.

இன்னொண்ணு, நள்ளிரவு ஃபிளைட். 11.50-க்கு இறங்கி, இமிக்ரேஷன் வரிசையில நின்னு 12.30-க்கு முத்திரை வாங்கினா பாஸ்போர்ட்ல இருக்கிறது அடுத்த நாள் தேதி. போர்டிங் பாஸையும் எடுத்து வெச்சுக்கோங்க.