கியூப் வலுக்குறைவும் இணக்கமின்மை அறிக்கையும்

கான்கிரீட் வார்க்கும்போதே எடுத்துவைத்த 150 மி.மீ. கனசதுர மாதிரிகள் 28ஆம் நாள் சோதனையில் எதிர்பார்த்த வலுவைக் காட்டாதபோது, கட்டுமானத் தளத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு எழுதும் ஆவணம் இணக்கமின்மை அறிக்கை. சைட்டில் இதை ‘என்சிஆர்’ என்பார்கள். வலு ஏன் குறைந்தது, வார்த்துமுடித்த தூணையோ தளத்தையோ என்ன செய்வது, இது மறுபடி நடக்காமலிருக்க எதை மாற்றுவது என்னும் மூன்று கேள்விகளுக்கு அது விடை சொல்ல வேண்டும். மூன்றும் தனித்தனி. முதலிரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் அறிக்கைகளே அதிகம். ‘கோர் சோதனையில் தேறிவிட்டது’ என்று எழுதி மூடிய அறிக்கையில் கியூப் ஏன் தோற்றது என்பதற்குப் பதில் இருக்காது.

இந்தியாவில் தேர்ச்சிக்கான அளவுகோல் ஐ.எஸ். 456. ஒரு மாதிரிக்கு மூன்று கியூப்; மூன்றின் சராசரிதான் ஒரு சோதனை முடிவு. ஏதாவது ஒரு கியூப் அந்தச் சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் அந்த முடிவே செல்லாது. செல்லும் முடிவுகளுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. தற்போதைய திருத்தப்படி, எந்தத் தனி முடிவும் குறிப்பிட்ட வலுவைவிட 3 நியூட்டனுக்கு மேல் குறையக்கூடாது. அடுத்தடுத்த நான்கு முடிவுகளின் சராசரியோ, குறிப்பிட்ட வலுவுடன் திட்ட விலக்கத்தின் 0.825 மடங்கைக் கூட்டிய அளவு, அல்லது குறிப்பிட்ட வலுவுடன் 3 நியூட்டன் கூட்டிய அளவு, இவற்றில் எது பெரிதோ அதற்குக் குறையக்கூடாது. இங்கே நியூட்டன் என்பது ஒரு சதுர மில்லிமீட்டருக்கானது.

எடுத்துக்காட்டாக, எம்30 கான்கிரீட்டில் தூண்கள் வார்க்கும் ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். ரெடிமிக்ஸ் 36 கன மீட்டர், ஆறு டிரக்குகளில் வந்தது. 31 முதல் 50 கன மீட்டர் வரைக்கு நான்கு மாதிரிகள் வேண்டும், நான்கும் எடுக்கப்பட்டன. முடிவுகள் 36.5, 35.0, 26.0, 36.0. மூன்றாவது மாதிரி நான்காம் டிரக்கிலிருந்து எடுத்தது. 27க்குக் கீழே போனதால் அது தனியாகவே தோற்றது. தளம் புதிது, சொந்தத் திட்ட விலக்கம் இன்னும் கணக்காகவில்லை. எனவே விதி தரும் 5ஐ வைத்துக்கொண்டு, அதன் 0.825 மடங்கை விதிப்படி அருகிலுள்ள அரை நியூட்டனுக்கு முழுமையாக்கினால் சராசரி 34.0 வேண்டும். கிடைத்தது 33.4.

இந்தச் சிறு குறைவு அறிக்கையின் எல்லையையே மாற்றுகிறது. தனி முடிவு மட்டும் தோற்றிருந்தால், மாதிரி எடுத்த அந்த டிரக்கின் கான்கிரீட் மட்டுமே சந்தேகத்துக்குரியது. நான்கின் சராசரியும் தோற்றால், முதல் மாதிரியிலிருந்து கடைசி மாதிரிவரை வார்த்த அத்தனையும் கேள்விக்குள்ளாகும். ஆகவே அறிக்கையின் ‘பாதித்த பகுதி’ என்னும் கட்டத்தில் நான்காம் டிரக்கின் தூண்களை மட்டும் எழுதினால் போதாது. எந்த டிரக் எந்தத் தூணுக்குப் போனது என்று வார்ப்புப் பதிவேட்டில் குறித்துவைக்காத தளங்கள் இந்த இடத்தில்தான் திணறும்.

காரணத்தைத் தேடும்போது முதலில் கேட்க வேண்டியது, பலவீனம் கான்கிரீட்டிலா, கியூபிலா என்பது. சரியாகக் குத்திக் கெட்டிப்படுத்தாத கியூபில் காற்றுப்பை தங்கும். ஒவ்வொரு விழுக்காடு காற்றுக்கும் ஏறத்தாழ 5 விழுக்காடு வலு போகும். அதை எடை காட்டிக்கொடுக்கும்: 8 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டிய கியூப் கண்கூடாக இலேசாக இருக்கும். கரண்டியால் தேய்த்த மேல்முகத்தை இயந்திரத் தகட்டின் கீழ் வைத்துச் சோதித்தாலும், கியூபை முதல் நாள் வெயிலில் விட்டாலும் எண் குறையும். அழுத்த இயந்திரத்தின் அளவீட்டுச் சான்று காலாவதியாகியிருந்தால் அன்று சோதித்த மற்ற தளங்களின் முடிவுகளையும் பார்க்க வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் தோற்ற மாதிரியின் மூன்று கியூபும் 26.8, 25.6, 25.6 என்று நெருங்கி நின்றன. எடை சரி, உடைந்த வடிவமும் சரி. ஒரே அறையில், ஒரே தொட்டியில் கிடந்த மற்ற ஒன்பது கியூபும் தேறின. ஆக, சந்தேகம் கான்கிரீட்டின் மேல் திரும்புகிறது. பேட்ச் சீட்டின்படி ஒரு கன மீட்டருக்குச் சிமெண்ட் 370 கிலோ, தண்ணீர் 165 லிட்டர், விகிதம் 0.45. வாயில் பதிவேட்டின்படி நான்காம் டிரக் பம்ப் பழுதால் மூன்று மணி நேரம் நின்றது. நின்ற கான்கிரீட் இறுகி, ஸ்லம்ப் விழுந்தது. டிரக்கின் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஏறத்தாழ 250 லிட்டர் சேர்த்ததாக ஓட்டுநர் சொல்கிறார். ஆறு கன மீட்டருக்குப் பகிர்ந்தால் கன மீட்டருக்கு 42 லிட்டர், விகிதம் 0.56 ஆகிறது. இவ்வளவு ஏற்றம் வலுவில் நான்கில் ஒரு பங்கைத் தின்னும். மற்ற மூன்று முடிவுகளின் சராசரியான 35.8இல் கால் பங்கைக் கழித்தால் 27க்கு அருகே வருகிறது. வாக்குமூலமும் கணக்கும் சோதனை எண்ணும் ஒத்துப்போகும்போதுதான் காரணத்தை ‘உறுதி’ என்று எழுதலாம். ‘வேலையாட்களின் கவனக்குறைவு’ என்ற வழக்கமான வரி எந்த விசாரணையின் விளைவும் அல்ல.

தூண்களை என்ன செய்வது என்ற முடிவு கட்டமைப்புப் பொறியாளருடையது. ஒப்பந்தக்காரர் முன்மொழியலாம், ஒப்புதல் தர முடியாது. அதுவரை அந்தத் தூண்களின் மேல் அடுத்த தளம் ஏறக்கூடாது. மீள்தாக்குச் சுத்தியல் பாதித்த தூண்களையும் நல்ல தூண்களையும் ஒப்பிட்டுப் பிரிக்க உதவும். அதன் வலு மதிப்பீடு 25 விழுக்காடு வரை இப்படியோ அப்படியோ போகக்கூடியது என்பதால் தீர்ப்பை அதன் கையில் கொடுப்பதில்லை. தீர்ப்புக்குக் கோர் வேண்டும். கம்பி ஓடும் இடத்தை முதலில் கருவியால் கண்டுபிடித்து, கம்பியை வெட்டாமல், நீர் மேலேறிச் சற்றே நலிந்திருக்கும் தூண் உச்சியைத் தவிர்த்து, குறைந்தது மூன்று கோர் எடுக்கிறார்கள். விட்டம் 100, நீளம் 200 மி.மீ. என்றால் நீளத்துக்கான திருத்தம் இல்லை. உருளை வலுவை 1.25ஆல் பெருக்கினால் நிகர் கியூப் வலு.

கோர்கள் 21.6, 20.4, 22.2 காட்டின எனில் நிகர் வலு 27.0, 25.5, 27.75, சராசரி 26.75. விதிப்படி சராசரி 30இல் 85 விழுக்காடான 25.5ஐத் தொட வேண்டும், எதுவும் 75 விழுக்காடான 22.5க்குக் கீழே போகக்கூடாது. தேறிவிட்டது. பொறியாளர் குறைந்த வலுவை வைத்துத் தூண்களை மறுபடி கணக்கிட்டுப் பார்த்து, ‘உள்ளபடியே ஏற்கலாம்’ என்று கையெழுத்திடலாம். கோர் துளைகளைச் சுருங்காத கலவையால் அடைப்பதும் அந்த ஆணையின் பகுதி. தேறாவிட்டால் கணக்கீடு, அதுவும் தோற்றால் தூணைச் சுற்றிக் கம்பி கட்டிக் கூடுதல் கான்கிரீட் உறை, கடைசியாக இடிப்பு. பாரமேற்றிச் சோதிப்பது வளையும் உறுப்புகளான உத்தரத்துக்கும் தளத்துக்கும் உரியது. தூணைக் கணக்கீட்டால் ஆராய்வதையே விதி விரும்புகிறது.

தூணைச் சரிசெய்வது திருத்தம் மட்டுமே. திருத்த நடவடிக்கை என்பது காரணத்தைப் பிடுங்குவது. இங்கே காரணம் தண்ணீர், அதற்குப் பின்னால் காத்திருப்பு, அதற்கும் பின்னால் மாற்றுப் பம்ப் இல்லாமை. எனவே மாற்றுப் பம்ப் உறுதியாகும் முன் வார்ப்பு தொடங்காது. டிரக் ஏற்றிய நேரத்திலிருந்து ஒப்பந்தத்தில் குறித்த வரம்பு தாண்டினால் திருப்பி அனுப்பும் அதிகாரம் தரப் பொறியாளருக்கு எழுத்தில் கிடைக்கும். ஸ்லம்ப் விழுந்தால் ரெடிமிக்ஸ் ஆலையின் தொழில்நுட்பர் நெகிழ்வூட்டும் ரசாயனத்தை அளந்து சேர்த்து, உருளையைச் சுழற்றிய பின் மறுபடி ஸ்லம்ப் பார்ப்பார். தண்ணீர்க் குழாய்க்குச் சீல். இவற்றோடு ஏழாம் நாள் முடிவும் சேர வேண்டும். நான்காம் டிரக்கின் ஏழு நாள் கியூப் 17 காட்டியிருந்தது. மற்றவை 23ஐ ஒட்டியிருந்தன. அன்றே கேட்டிருந்தால் மூன்று வாரம் முன்னதாகவே மேல்தள வேலையை நிறுத்தியிருக்கலாம். ஆகவே ஏழாம் நாளுக்கு ஓர் எச்சரிக்கை எல்லை வைத்து, அதற்குக் கீழே வந்தால் உடனே தகவல் போக வேண்டும் என்பதும் அறிக்கையில் ஏறுகிறது.

நடவடிக்கைகள் செய்தாகிவிட்டன என்று கையெழுத்தான நாளில் அறிக்கை மூடப்படுவதில்லை. அடுத்த சில வார்ப்புகளின் டிரக் காத்திருப்பு நேரம், ஸ்லம்ப் பதிவு, 28 நாள் முடிவுகள் ஆகியவற்றை இணைத்த பிறகே மூடுவார்கள். அதாவது இன்னும் ஒரு மாதத்துக்குக் குறையாமல் அது திறந்தே இருக்கும்.