உடற்பயிற்சி செய்வோருக்குக் கூடுதல் தூக்கம்: எவ்வளவு போதுமானது?

பெரியவர்களுக்கு நாள்தோறும் 7 முதல் 9 மணி நேரமும், 14 முதல் 17 வயதுடையோருக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை. கடும் பயிற்சி மேற்கொள்வோர் இவ்வரம்பின் மேல் அளவை நோக்கிச் செல்வது நல்லது. ஆழ்ந்த தூக்கத்தில் வளர்ச்சி இயக்குநீர் மிகுதியாகச் சுரந்து, தசை சீரடைய உதவுகிறது.

ஆய்வு கூறுவது என்ன?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2011-இல் வெளியானது. அவர்கள் 5 முதல் 7 வாரங்களுக்கு இரவில் 10 மணி நேரம் படுக்கையில் இருக்க முயன்றனர். உண்மையில் தூங்கியது ஏறத்தாழ எட்டரை மணி நேரமே. முன்பு ஏழு மணிக்கும் குறைவு. 282 அடி விரைவோட்ட நேரம் 16.2 நொடியிலிருந்து 15.5 நொடியாகக் குறைந்தது. பந்தை வளையத்தில் இடும் துல்லியமும் கூடியது. ஆனால் ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை. வீரர்கள் முன்பே தூக்கக் குறைவுடன் இருந்தவர்கள். ஆகவே, போதிய அளவு தூங்குபவருக்கும் இதே பயன் கிடைக்கும் எனக் கொள்ள இயலாது.

எவ்வாறு கூட்டுவது?

எடுத்துக்காட்டாக, வைத்திக்குப்பத்தில் படகு வேலைக்காகக் காலை 5 மணிக்கு எழும் இளைஞர் ஒருவரைக் கொள்வோம். இரவு 8 முதல் 9.30 வரை பயிற்சி செய்து, 11.30-க்குப் படுக்கிறார். எழும் நேரத்தை மாற்ற இயலாது. எனவே படுக்கும் நேரமே முன்னே வர வேண்டும்.

- பயிற்சியை மாலை 5.30-க்கு மாற்றலாம்.
- காபி, தேநீர், காஃபின் கலந்த பயிற்சி பானம் ஆகியவற்றை நண்பகலுக்குப் பின் தவிர்க்க வேண்டும்.
- மூன்று நாள்களுக்கு ஒருமுறை 20 நிமிடம் முன்னதாகப் படுத்தால், 18 நாள்களில் 9.30-ஐ எட்டலாம்.
- பிற்பகல் 3 மணிக்குள் 30 நிமிடம் உறங்கலாம்.

பயனை அறிய, அதே எடையை எத்தனை முறை தூக்க முடிகிறது என்பதைத் தொடக்கத்திலும் நான்காம் வாரத்திலும் குறித்து ஒப்பிடவும்.

போதுமென அறிவது எப்படி?

அலாரம் ஒலிக்கும் நேரத்தையொட்டித் தானே விழிப்பு வந்து, பகலில் தூக்கக் கலக்கம் இல்லாதிருந்தால் அந்த அளவு போதும். அதற்கு மேல் படுக்கையில் கிடப்பதால் தசை கூடுதலாக வளராது. விடுமுறை நாளில் நெடுநேரம் தூங்கினால் அன்றிரவு தூக்கம் தள்ளிப்போகும்.

மருத்துவரை எப்போது அணுகுவது?

சில வாரங்கள் போதிய அளவு தூங்கியும் சோர்வு நீங்காவிடில் இரத்தசோகை, தைராய்டு குறைபாடு ஆகியவற்றுக்குப் பரிசோதனை தேவைப்படலாம். உரத்த குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதலும் இருப்பதை உடன் உறங்குவோரே முதலில் கவனிப்பர். பருத்த கழுத்துடைய உடற்கட்டு வீரர்களுக்கும் இது வரலாம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். மருத்துவர் பரிந்துரையின்றித் தூக்க மாத்திரை உட்கொள்ள வேண்டாம். தூக்கக் கலக்கத்துடன் கனமான எடை தூக்குவதையும் வாகனம் ஓட்டுவதையும் தவிர்க்கவும்.