மொழித்தகுதி ஒப்பீடு

வேலை விளம்பரம் கேட்கும் பேச்சு, எழுத்துத் திறன்களுக்குத் தன்விவரக் குறிப்பில் சான்று உண்டா என்று பார்ப்பது. செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் ஓர் ஆலை, கூட்டங்களில் உடனுக்குடன் பெயர்த்துச் சொல்ல ஜப்பானிய மொழிபெயர்ப்பாளரைத் தேடுகிறது என்று கொள்வோம். தன்விவரத்தில் ‘ஜேஎல்பிடி என்2 தேர்ச்சி’ என்று ஒரே வரி. அத்தேர்வு மொழியறிவு, வாசிப்பு, கேட்டல் ஆகியவற்றை மட்டும், விடையைத் தேர்ந்தெடுக்கும் முறையில் அளக்கிறது. 180க்கு 90 வாங்கித் தேறியவர் அங்கே ஒரு வாக்கியமும் பேசியோ எழுதியோ காட்டியிருக்க மாட்டார். பேச்சுக்கு, யாருக்காக, எந்தக் கூட்டங்களில், எத்தனை மாதம் பெயர்த்தார் என்ற வேலைக்குறிப்பே சான்று. தன்விவரத்தில் ‘சரளம்’ என்று எழுதுவது சொந்த மதிப்பீடுதான். மாமல்லபுரத்தில் பிரெஞ்சு வழிகாட்டியாக விரும்புபவருக்கு இச்சிக்கல் குறைவு. டெல்ஃப் பி2 பேச்சு, எழுத்து உட்பட நான்கு திறன்களுக்கும் தலா 25 மதிப்பெண் தருகிறது. பேச்சு மதிப்பெண்ணைத் தனியே பார்த்துவிடலாம்.